மருத்துவமனை வாயிலில் ஓர் அறிவிப்பு

மும்பை மாநகரின் நடுவே உள்ள தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்று குடியேறிய தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள குறுகிய சந்துகளில் ஒரே மருத்துவர் நடத்தும் சிறு மருத்துவமனைகள் பல உண்டு. மக்கள் அவற்றைக் கிளினிக் என்றே அழைக்கின்றனர். மருத்துவர் அமர ஓர் அறை, அதன் முன்னே பத்துப் பன்னிரண்டு பேர் அமரக்கூடிய ஒரு கூடம், மருந்து கட்டிக் கொடுக்கவும் பெயர் எழுதவும் ஒரு கம்பவுண்டர் என்ற அளவில் அமைந்தவை அவை. அத்தகைய கிளினிக் ஒன்று, மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தையும் நோயாளிகள் இடம்பெறும் முறையையும் மாற்ற எண்ணுகிறது எனக் கொள்ளலாம். அச்செய்தியை அது மக்களுக்கு எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இதுவரை அக்கிளினிக் காலை 10 மணி முதல் 1 மணி வரையிலும், மாலை 6 மணி முதல் 9 மணி வரையிலும் இயங்கி வந்தது. கம்பவுண்டர் ஒன்பதரை மணிக்குக் கதவைத் திறந்து, வந்த வரிசைப்படி டோக்கன் கொடுப்பார். டோக்கன் ஒருவருக்கு வரிசையைத் தருகிறதே ஒழிய நேரத்தைத் தருவதில்லை. முறையின் குறை அங்கேதான் இருக்கிறது. மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 6 நிமிடம் செலவிடுகிறார் என்றால், 25ஆம் டோக்கன் பெற்றவருக்கு முன்னால் 24 பேர் இருக்கின்றனர். அவர் 144 நிமிடம் காத்திருந்து 12 மணி 24 நிமிடத்தில்தான் உள்ளே செல்வார். ஆனால் டோக்கன் வாங்குவதற்காக அவர் பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார். வீட்டுக்குச் சென்று திரும்பினால் எண் கடந்துபோய்விடுமோ என்ற அச்சத்தில் அங்கேயே அமர்ந்துவிடுகிறார். கூடத்தில் இடமில்லாதவர்கள் சந்தில் நிற்கின்றனர்.

இவ்வாறு காத்திருப்பதில் பொழுது மட்டும் வீணாவதில்லை. காசநோயும் தட்டம்மையும் காற்றின் வழியே பரவுபவை. காற்றோட்டமில்லாத சிறு கூடத்தில் இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் அருகே, தடுப்பூசிக்காகக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தை இரண்டு மணி நேரம் இருப்பது நன்றன்று. நீரிழிவு நோயாளிக்கும் இடர் உண்டு. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவர் உரிய நேரத்தில் உண்ணாமல் வரிசையில் காத்திருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவு தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் ஏற்படலாம். நலம் பெற வந்த இடத்திலேயே நலம் கெடும் நிலை இது.

ஆகவே கிளினிக் இரண்டு மாற்றங்களைச் செய்கிறது. மருத்துவர் பிற்பகலில் வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருப்பதால் காலை நேரம் 9 முதல் 12 வரை ஆகிறது. தையற்கூடங்களிலும் தோல் பட்டறைகளிலும் வேலை செய்வோர் திரும்பி வரும் பொழுதைக் கருதி, மாலை நேரம் 7 முதல் 10 வரை ஆகிறது. வியாழக்கிழமை இரவில் மருத்துவர் வருவதில்லை. இது முதல் மாற்றம். டோக்கனுக்குப் பதிலாக நேரம் குறித்துப் பதிவு செய்வது இரண்டாவது மாற்றம்.

பதிவு முறை எளிய கணக்கொன்றின் மேல் அமைந்துள்ளது. ஒருவருக்கு 6 நிமிடம் என்றால் அரைமணிக்கு ஐவரைப் பார்க்கலாம். மூன்று மணி நேரத்தில் ஆறு அரைமணிகள், ஆகவே முப்பது பேர். கிளினிக் ஒவ்வோர் அரைமணியிலும் நான்கு இடங்களை மட்டும் முன்பதிவுக்குக் கொடுத்து, ஓர் இடத்தைப் பதிவின்றி வருவோருக்காக ஒதுக்கி வைக்கிறது. ஒன்பதரை மணிக்கு எனப் பதிவு செய்தவர் ஒன்பதரைக்கு வந்தால் போதும். அதே நேரத்துக்கு அழைக்கப்பட்ட மற்றவர்களும் பதிவின்றி வந்த ஒருவரும் அவருக்கு முன்னே சென்றாலும், அவர் காத்திருப்பது ஏறத்தாழ 24 நிமிடமே. பழைய முறையில் 144 நிமிடம் காத்திருந்தவருக்கு இது பெரும் வேறுபாடு.

ஒவ்வொருவரையும் ஆறு ஆறு நிமிட இடைவெளியில் தனித்தனியே அழைத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். தாளில் அது அழகாகத் தோன்றும். ஆனால் ஒருவர் மூன்று நிமிடத்தில் எழுந்துவிடுவார். மற்றொருவருக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டப் பதினைந்து நிமிடம் ஆகும். அழைக்கப்பட்டவர் சற்றுத் தாமதித்தாலும் மருத்துவர் வெறுமனே அமர்ந்திருக்க நேரும். இங்கிலாந்தில் பெய்லி என்னும் புள்ளியியல் அறிஞர் 1952ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தார். தொடக்கத்தில் இருவரை ஒருங்கே வரச்செய்து, அதன்பின் ஒவ்வொருவரையும் சராசரிப் பார்வை நேர இடைவெளியில் அழைப்பது நன்று என அவர் கூறினார். மருத்துவரின் நேரமும் வீணாகாது. நோயாளியும் மிகுதியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரைமணிக்கு நால்வரை அழைப்பது இக்கருத்தின் சற்றுத் தளர்ந்த வடிவம் எனலாம். கடிகாரம் பார்த்து நடக்க இயலாத தாராவி போன்ற இடங்களுக்குத் தளர்ந்த வடிவமே பொருந்தும். குழாயில் நீர் சில மணி நேரமே வரும் பகுதியில், நீர் வந்த வேளையில் குடத்தை விட்டுவிட்டு யாரும் ஒன்பது மணி ஆறாவது நிமிடத்துக்கு மருத்துவரிடம் ஓடிவர மாட்டார்கள்.

இனி, அறிவிப்பு. பல கிளினிக்குகளின் வாயிலில் காணப்படும் அறிவிப்பு இப்படி இருக்கும்: “மருத்துவர் பார்க்கும் நேரம் நாளை முதல் மாற்றப்பட்டுள்ளது. நோயாளிகள் ஒத்துழைக்கவும்.” எந்த நாளை? அத்தாள் பத்து நாள் ஒட்டியிருந்தால் பத்து நாளும் அது “நாளை” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். புதிய நேரம் எது என்பதும் அதில் இல்லை. ஒத்துழைக்க விரும்புபவருக்கும் எதில் ஒத்துழைப்பது என்று தெரியாது.

நல்ல அறிவிப்பு தேதியையும் கிழமையையும் சேர்த்தே சொல்லும். தேதியை நினைவில் வைக்காதவர் கிழமையை நினைவில் வைப்பார்; எழுதுபவர் தேதியைத் தவறாக எழுதிவிட்டால் கிழமை அதனைக் காட்டிக்கொடுக்கும். புதிய நேரத்தின் அருகிலேயே பழைய நேரத்தையும் சொல்லும். பழைய நேரத்துக்கு வந்து பழகியவர், தம் வழக்கம் முடிந்துவிட்டது என்பதைப் பழைய எண்ணைக் கண்டால்தான் உணர்வார். 12 மணி என வருமிடத்தில் பகல் என்ற சொல்லையும், 7 மணி என வருமிடத்தில் காலையா இரவா என்பதையும் விடாமல் எழுதும். மேற்சொன்ன கிளினிக்கின் அறிவிப்பு கீழ்க்கண்டவாறு அமையலாம்.

அறிவிப்பு

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை முதல் மருத்துவர் பார்க்கும் நேரம் மாறுகிறது.

காலை 9 மணி முதல் பகல் 12 மணி வரை. (முன்பு காலை 10 முதல் பகல் 1 வரை)

இரவு 7 மணி முதல் 10 மணி வரை. (முன்பு மாலை 6 முதல் இரவு 9 வரை)

வியாழக்கிழமை இரவிலும் ஞாயிறு முழுநாளும் மருத்துவர் இல்லை.

முந்தைய நாள் பிற்பகலில் தொலைபேசியிலோ நேரிலோ பதிவு செய்து நேரம் பெற்றுக்கொள்ளலாம். காலை நேரத்துக்கு 2 மணி முதல் 3.30 வரை, இரவு நேரத்துக்கு 3.30 முதல் 5 வரை. திங்கட்கிழமைக்குரிய பதிவு சனிக்கிழமையில் நடைபெறும்.

பதிவு செய்யாமலும் வரலாம். ஒவ்வோர் அரைமணியிலும் ஒருவருக்கு இடம் உண்டு.

மார்புவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குப் பதிவு வேண்டா. உடனே வருக, கிளினிக் மூடியிருந்தால் 108 எண்ணை அழைக்க.

இதில் திங்கட்கிழமை பற்றிய வரி சிறியது. ஆனால் பெரும்பாலும் மறக்கப்படுவது. முந்தைய நாள் பதிவு செய்க என்று மட்டும் எழுதிவிட்டால், திங்கட்கிழமை மருத்துவரைக் காண வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை அழைப்பார். எடுக்க ஆள் இராது. புதிய முறை தொடங்கும் நாளே திங்கட்கிழமை என்பதால், இவ்வரி இல்லையேல் முதல் நாளிலேயே குழப்பம் நேரும். அன்றைக்குரிய பதிவு அக்டோபர் 4, சனிக்கிழமையன்று நடைபெற்றாக வேண்டும்.

பதிவு நேரத்தை இரண்டாகப் பிரித்திருப்பதற்கும் காரணம் உண்டு. கிளினிக்கில் இருப்பது ஒரே தொலைபேசி. காலைக்கு 24 பேர், இரவுக்கு 24 பேர் என 48 பேர் அழைத்து, ஒவ்வோர் அழைப்பும் இரண்டு நிமிடம் நீடித்தால் 96 நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்துக்குள் அது அடங்கும். ஆனால் எல்லாரும் இரண்டு மணிக்கே அழைத்தால், பெரும்பாலோர் காதில் விழுவது தொடர்பில்லை என்னும் ஒலியே. அவர்கள் சலித்துப்போய் மறுநாள் நேராக வந்து நிற்பார்கள். வரிசை மீண்டும் தோன்றிவிடும்.

அழைப்பு வந்ததும் கம்பவுண்டர் கேட்க வேண்டியவை சிலவே. எடுத்துக்காட்டாக, ஓர் அழைப்பு இவ்வாறு நிகழலாம்.

“அண்ணா, நாளைக் காலையில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.”

“சரி அம்மா. யாருக்குப் பார்க்க வேண்டும்? உங்களுக்கா?”

“இல்லை அண்ணா, அப்பாவுக்கு. அவர் பெயர் முருகன்.”

“நாளைக்கு இன்னொரு முருகனும் இருக்கிறார். அப்பாவுக்கு வயது என்ன? உங்கள் தொலைபேசியின் கடைசி நான்கு எண்களையும் சொல்லுங்கள்.”

“வயது அறுபத்திரண்டு” என்று கூறி, அவர் எண்களையும் சொல்கிறார்.

“பத்து மணிக்கு அழைத்து வாருங்கள் அம்மா. பழைய சீட்டையும் கொண்டுவாருங்கள்.”

அழைப்பவர் வேறு, நோயாளி வேறு என்பது வழக்கமான நிகழ்ச்சி. வீடு முழுவதற்கும் ஒரே தொலைபேசி இருக்கும்போது, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் தந்தைக்கும் மகளுக்கும் வேறுபாடு தெரியாது. ஆதலால் பெயர், வயது, எண் மூன்றும் வேண்டும். நோய் இன்னதென்று கேட்டுப் பதிவேட்டில் எழுதத் தேவையில்லை. பலர் பார்க்கும் மேசையில் கிடக்கும் ஏடு அது. வாயிலில் அன்றைய வரிசையை ஒட்டுவதாயின், பெயர்களை விடுத்து நேரத்தையும் எண்களையும் மட்டும் எழுதுவது நன்று.

வாயிலில் ஒட்டிய தாள் வாயிலுக்கு வருபவருக்கே தெரியும். மாதம் ஒருமுறை வரும் இரத்த அழுத்த நோயாளி அதனைக் காண்பதற்குள் நேரம் மாறிவிட்டிருக்கும். ஆகையால் கிளினிக், பழைய பதிவேட்டிலுள்ள எண்களுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறது. இங்கே தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ எழுதினால் 70 குறிகளே அடங்கும். செய்தியின் மொத்த அளவு 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். இந்திய மொழிக் குறி ஒவ்வொன்றுக்கும் 16 பிட் வேண்டும். 1120ஐ 7ஆல் வகுத்தால் 160, 16ஆல் வகுத்தால் 70. மேலும், தமிழ் இலக்கணத்தில் ஓரெழுத்தாகும் ‘கி’ கணினிக் கணக்கில் ககரமும் இகரக் குறியும் சேர்ந்து இரண்டாகும். புள்ளியும் தனியே ஒன்று. எனவே ‘கிளினிக்’ என்னும் நான்கெழுத்துச் சொல் எட்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது.

இந்த எல்லைக்குள் செய்தியைச் சொல்லிவிட முடியும்:

“அக்.6 முதல் கிளினிக் காலை 9-12, இரவு 7-10. வியாழன் இரவு இல்லை.”

இடைவெளிகளையும் சேர்த்து இது 62 குறிகளில் முடிகிறது. பதிவு முறையை விளக்க இதில் இடமில்லை; அதனை வாயிலில் உள்ள தாளுக்கும் கம்பவுண்டரின் வாய்மொழிக்கும் விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒரே செய்தியில் திணித்தால் அது பல துண்டுகளாகப் பிரிந்து செல்லும், செலவும் கூடும். படிப்பவருக்கு நேரம் மாறியதே மனத்தில் நிற்காமல் போகும்.

அறிவிப்பைத் தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மும்மொழிகளில் எழுதுவது அப்பகுதிக்கு ஏற்றது. படிக்க இயலாதவரும் பலர் உளர். அவர்களுக்காக, மாற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, மருந்துப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது கம்பவுண்டர் புதிய நேரத்தை வாயால் சொல்ல வேண்டும். அப்போதே அடுத்த வருகைக்குரிய நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்நோயாளி தொலைபேசியை நாட வேண்டியதே இல்லை. கையில் கைப்பேசி இல்லாத மூதாட்டிக்கு இதுவே மிகச் சிறந்த பதிவு முறை.

அம்மூதாட்டியைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். பழைய முறையில் முன்னே வந்தவர் முந்தினார். அதிகாலையில் எழுந்து வந்து அமர எவருக்கும் உரிமை இருந்தது. புதிய முறையில் கைப்பேசி வைத்திருப்பவர் முந்துகிறார். ஒருவரது காத்திருப்பைக் குறைக்கும் முறை, மற்றொருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடக்கூடும். அரைமணிக்கு ஓர் இடத்தைத் திறந்து வைத்திருப்பது இதற்காகத்தான். பதிவு பெருகும்போது அந்த இடத்தையும் பதிவுக்கே கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் எழும். அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது.

முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை. எவ்வளவு சொன்னாலும் சிலர் பகல் பன்னிரண்டரை மணிக்கு வந்து நிற்பார்கள். அவர்களை மூடிய கதவு வரவேற்றால், அவர்களுக்கு முழு அறிவிப்பும் வீண். ஆதலின் கம்பவுண்டர் அந்நாள்களில் பழையபடி ஒரு மணி வரை இருக்க வேண்டும். வந்தவருக்கு மூச்சுத்திணறலோ மார்புவலியோ இருந்தால் அருகிலுள்ள சயான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஏனையோருக்கு அன்றிரவு ஓரிடம் குறித்துக் கொடுக்க வேண்டும். அவ்வாறு வந்தவர்களின் எண்ணிக்கையை நாள்தோறும் குறித்து வைத்தால், செய்தி எந்த அளவுக்குச் சென்று சேர்ந்தது என்பது விளங்கும். இரண்டாம் வாரத்திலும் அவ்வெண் குறையவில்லையெனில், தாள் ஒட்டிய இடமோ எழுத்தின் அளவோ மொழியோ சரியில்லை என்று பொருள்.

பதிவு முறை சரியாக நடக்கிறதா என்பதையும் பதிவேட்டிலிருந்தே அறியலாம். ஒரு திங்கட்கிழமை காலையில் 24 பேர் பதிவு செய்து, 17 பேர் மட்டுமே வந்தனர் எனவும், பதிவின்றி 11 பேர் வந்தனர் எனவும் கொள்ளலாம். மொத்தம் 28 பேர். முப்பதுக்குள் அடங்கிவிட்டதால் எல்லாம் நன்றாக நடந்ததாகத் தோன்றும். உண்மையில் பதிவு செய்த எழுவர் வரவில்லை. ஆறு இடங்களுக்குப் பதினொருவர் வந்ததால், ஐவர் யாரேனும் வராமற்போவார்களா என்று பார்த்துக் காத்துக் கிடந்தனர். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் கடந்தும் வராதவரின் இடத்தைப் பதிவின்றி வந்தவருக்குக் கொடுப்பது என்ற விதியை முன்கூட்டியே சொல்லிவிடுவது ஒரு வழி. தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் அடுத்த அரைமணியின் இறுதியில் பார்க்கலாம்.

எந்தப் பங்கீடும் ஆண்டு முழுவதும் பொருந்தாது. மும்பையில் மழைக்காலம் தொடங்கினால் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவை பெருகும். காய்ச்சல் முந்தைய நாள் பிற்பகலில் பதிவு செய்துகொண்டு வருவதில்லை. ஆகவே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அரைமணிக்கு மூன்று இடங்களைப் பதிவுக்கும், இரண்டு இடங்களைப் பதிவின்றி வருவோருக்கும் என மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அம்மாற்றத்தையும் தேதி, கிழமையுடன் வாயிலில் எழுத வேண்டும்.

பெரிய அரசு மருத்துவமனைகள் வேறு வழிகளைக் கையாள்கின்றன. இணையவழிப் பதிவு 2015ஆம் ஆண்டில் தொடங்கியது. 2022ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சுவரிலுள்ள கட்டக்குறியைக் கைப்பேசியால் படம்பிடித்தால் நோயாளியின் விவரங்கள் தாமாகவே பதிவாகி டோக்கன் கிடைக்கும் முறை அறிமுகமாயிற்று. பெயர் எழுதும் சாளரத்தின் முன் நிற்கும் வரிசையை அது குறைக்கிறது. மருத்துவரின் அறைக்கு முன்னுள்ள வரிசையை அது தானாகக் குறைப்பதில்லை. அந்த இரண்டாவது வரிசைக்கு, ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என எண்ணிப் பார்த்து நேரம் ஒதுக்கும் கணக்கும், ஒரு குறிப்பேடும், அதனைப் பொறுப்புடன் எழுதும் கம்பவுண்டரும் இன்றும் தேவைப்படுகின்றனர்.